கழிவுக் குழாய்க்கு எவ்வளவு வாட்டம் வைப்பது? தட்டையாகப் போனாலும் அடைப்பு, அளவுக்கு மிஞ்சிச் சரிந்தாலும் தொல்லை

யாழ்ப்பாணத்தில் வீடு கட்டுகிற இடத்தில் போய், மலசலகூடத்திலிருந்து செப்டிக் தாங்கிக்குப் போகிற குழாய்க்கு எவ்வளவு வாட்டம் வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கிற பதில் "தண்ணி ஓடுற அளவுக்கு வைப்பம்" என்பதுதான். தண்ணீர் ஓடுவதற்குப் பெரிய வாட்டமே தேவையில்லை, 12 மீற்றர் நீளக் குழாயில் ஒரு பக்கம் 1 சென்ரிமீற்றர் தாழ்ந்திருந்தாலே தண்ணீர் மெல்ல மெல்ல மறுபக்கம் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் அந்தக் குழாயில் தண்ணீர் மட்டுமா போகிறது? மலமும் கடதாசியும் தண்ணீரோடு சேர்ந்து தாங்கிவரை போக வேண்டும், நடுவழியில் இறங்கிவிடக் கூடாது. வாட்டக் கணக்கு முழுவதும் இந்த ஒரு தேவையிலிருந்துதான் வருகிறது.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். வீடுகளில் நாங்கள் கொமட்டுக்குப் போடுவது நாலு அங்குலக் குழாய், கடையில் 110 மில்லிமீற்றர் என்று கேட்டு வாங்குவது. அதற்கு 40க்கு 1 முதல் 80க்கு 1 வரை வாட்டம் சரி. அதாவது 40 அடி நீளத்துக்கு ஓர் அடி இறங்குவது மேல் எல்லை, அரை அடி இறங்குவது கீழ் எல்லை. அடி அங்குலத்தில் வேலை செய்கிற மேசன்மாருக்கு "அடிக்குக் கால் அங்குலம்" என்றால் உடனே விளங்கும், அது 48க்கு 1, இந்த எல்லைகளுக்குள் பத்திரமாக நிற்கிற அளவு. பிரித்தானிய வழிகாட்டிகளில் நாலு அங்குலக் குழாயில் குறைந்தது ஒரு கொமட்டாவது சேர்ந்திருந்தால் 80க்கு 1 வரை தட்டையாகப் போகலாம், ஓட்டம் குறைந்த குழாயானால் 40க்கு 1 வேண்டும் என்று இருக்கிறது. அமெரிக்க விதிகளில் மூன்று அங்குலம் முதல் ஆறு அங்குலம் வரையான குழாய்க்கு அடிக்கு அரைக்கால் அங்குலம், இரண்டரை அங்குலமும் அதற்குக் குறைந்ததும் என்றால் அடிக்குக் கால் அங்குலம். நாடு வேறானாலும் அளவுகள் கிட்டத்தட்ட ஒன்றாகவே வருவதற்குக் காரணம், கணக்கு எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். கழிவைத் தூக்கிக்கொண்டு போகத் தண்ணீருக்கு ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும், பொறியியலாளர்கள் வழக்கமாகச் செக்கனுக்கு 0.6 முதல் 0.75 மீற்றர் என்று எடுப்பார்கள். இந்த வேகம் இருந்தால் குழாய் தன்னைத் தானே கழுவிக்கொள்ளும், குறைந்தால் கனமானது அடியில் படியத் தொடங்கும். நாலு அங்குலப் பிவிசி குழாயில் கால்வாசி உயரத்துக்கு, அதாவது சுமார் 26 மில்லிமீற்றர் ஆழத்துக்குத் தண்ணீர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டு ஓட்ட வேகத்தைக் கணிக்கிற மானிங் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால், 80க்கு 1 வாட்டத்தில் வேகம் ஏறத்தாழ 0.7 மீற்றர் வருகிறது. வாட்டத்தை 200க்கு 1 ஆக்கினால் அதே ஆழத்தில் வேகம் 0.43தான். 80க்கு 1 என்ற கீழ் எல்லை இப்படித்தான் வந்து உட்கார்கிறது, அதற்குக் கீழே போகப் போகத் தண்ணீர் போகும், மற்றது தங்கும்.

இதில் கால்வாசி ஆழம் என்று சொன்னதைக் கவனிக்க வேண்டும். வீட்டுக் குழாயில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிற தண்ணீர் கிடையாது. ஒருவர் ஃபிளஷ் பண்ணுகிறார், ஆறு லீற்றர் தண்ணீர் ஓர் அலையாக வருகிறது, வருகிற வழியிலேயே அந்த அலை நீண்டு மெலிந்துவிடுகிறது, பிறகு குழாய் வெறுமையாகக் கிடக்கிறது. அடுத்த ஆள் போகும்வரை நடுவழியில் நின்றது நின்றபடிதான். நீளமான குழாயில் மலம் ஒரே தடவையில் தாங்கிக்குப் போய்ச் சேராது, ஒவ்வொரு ஃபிளஷுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுப்பட்டுத்தான் போகும். வாட்டம் சரியாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் தள்ளுகிற தூரம் கூட, தட்டையாக இருந்தால் குறைவு, நின்ற இடத்தில் கிடந்து காய்ந்து ஒட்டிப்பிடிக்க நேரமும் கிடைக்கும்.

எங்கள் வீடுகளில் இன்னொரு விஷயம் இருக்கிறது. பழைய வளவுகளில் குந்து மலசலகூடம்தான், வாளியில் தண்ணீர் எடுத்து ஊற்றுகிற வழக்கம். ஒரு தடவைக்கு ஊற்றுவது இரண்டு மூன்று லீற்றர்தான், அதுவும் தொட்டியிலிருந்து ஒரேயடியாக விழுகிற தண்ணீரைப் போல வேகமாக வராது. இப்படிப்பட்ட குழாய்க்கு 80க்கு 1 போதாது, 40க்கு 1 வையுங்கள். சிக்கனமான இரட்டைப் பொத்தான் ஃபிளஷ் வைத்த கொமட்டுக்கும், முக்கியமாக அது ஒன்றுதான் அந்தக் குழாயில் இருக்கிறது, பின்னால் குளிக்கிற தண்ணீரும் வந்து சேராது என்றால், நான் 40 பக்கம்தான் நிற்பேன். குளிக்கிற தண்ணீரையும் அதே குழாயில் விட்டுக் கழுவலாமே என்று சிலர் கேட்பார்கள். குழாய்க்கு அது நல்லதுதான், ஆனால் சிறிய செப்டிக் தாங்கிக்குள் அவ்வளவு தண்ணீரையும் விட்டால் கழிவு அடியில் இறங்க நேரமில்லாமல் கலங்கியபடியே வெளியே போகும், ஆகவே தாங்கியின் அளவைப் பார்க்காமல் அதைச் செய்ய வேண்டாம்.

குழாயைப் பெரிதாகப் போட்டால் அடைக்காது என்று நினைத்து ஒற்றைக் கொமட்டுக்கு ஆறு அங்குலக் குழாய் போடுகிறவர்களும் உண்டு. அதே ஆறு லீற்றர் தண்ணீர் அகலமான குழாயில் இன்னும் மெல்லியதாகப் பரவும், மலத்தைத் தூக்குவதற்கு ஆழம் இருக்காது. காசும் கூட, வேலையும் பிழை.

சரி, யாழ்ப்பாணத்தில் வாட்டம் ஏன் இவ்வளவு தலையிடியாகிறது? நிலம் தட்டை. மலைநாட்டில் என்றால் வளவே சரிந்திருக்கும், குழாயை நிலத்தோடு சேர்த்துப் போட்டாலே வாட்டம் வந்துவிடும், இங்கே ஒவ்வோர் அங்குலத்தையும் தோண்டித்தான் எடுக்க வேண்டும். தோண்டினால் வலிகாமத்தில் பல இடங்களில் கொஞ்ச ஆழத்திலேயே சுண்ணாம்புக் கல் வந்துவிடும், அதை உடைப்பதற்குக் கூலி வேறு. குழாயும் நீளமாகிவிடுகிறது, ஏனென்றால் வளவுக்குள் கிணறு இருக்கிறது, தாங்கியையும் உறிஞ்சு குழியையும் கிணற்றிலிருந்து முடிந்தளவு தள்ளி மறு மூலைக்குக் கொண்டுபோக வேண்டும், கொண்டுபோகத்தான் வேண்டும். ஆக நீளமான குழாய், தட்டையான நிலம், கீழே கல். இந்த மூன்றும் சேர்ந்தால் மேசன் எங்கேயோ ஓரிடத்தில் வாட்டத்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டும் என்ற நெருக்கடிக்கு வந்துவிடுகிறார்.

தட்டையாகப் போட்ட குழாய் முதல் நாளே அடைக்காது, அதனால்தான் பிழை தெரிவதில்லை. வேலை முடிந்து, ரைல்ஸ் பதித்து, குடிபூரல் முடிந்து, கொஞ்சக் காலம் எல்லாம் நன்றாகத்தான் போகும். அடியில் மெல்லிய படலமாகக் கழிவு படிகிறது, சவர்க்காரமும் கொழுப்பும் அதில் ஒட்டுகிறது, குழாயின் வழுவழுப்புப் போய்ச் சொரசொரப்பாகிறது, அதனால் வேகம் இன்னும் குறைகிறது, அதனால் இன்னும் கூடப் படிகிறது. கொமட்டில் தண்ணீர் வட்டமாக ஏறி நின்று மெல்ல இறங்கும்போதுதான் வீட்டுக்காரருக்கு விஷயம் தெரியவரும். ஆள் பிடித்துக் கம்பி விட்டு எடுப்பார்கள், சில வாரம் நன்றாகப் போகும், திரும்பவும் அதே இடத்தில் அடைக்கும். அடைப்பு திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வருகிறது என்றால் உள்ளே போட்ட பொருளில் பிழை தேடாதீர்கள், குழாய் கிடக்கிற கிடையில் பிழை தேடுங்கள்.

மொத்த வாட்டம் சரியாக இருந்தும் நடுவில் குழாய் தொய்ந்து வயிறு வைத்துவிடுவது இதைவிட மோசம். பிவிசி குழாய் தானாக விறைப்பாக நிற்காது, அடியில் என்ன இருக்கிறதோ அதற்கு ஏற்றபடி வளையும். தோண்டின கிடங்கில் கல் முனைகளின்மேல் குழாயை வைத்துவிட்டு, மீதி இடைவெளியைத் தளர்ந்த மண்ணால் நிரப்பினால், மாரி மழை பெய்து மண் இறங்கும்போது குழாயும் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இறங்கும். அந்தப் பள்ளத்தில் எந்நேரமும் தண்ணீர் தேங்கி நிற்கும், வருகிற அலை அந்தத் தேங்கின தண்ணீரில் மோதி வேகத்தை இழக்கும், கொண்டுவந்ததை அங்கேயே போட்டுவிடும். அதனால் குழாய்க்கு அடியில் கல்லில்லாத மணல் நாலு அங்குலமாவது முழு நீளத்துக்கும் போட்டு இறுக்கி, அதில் வாட்டம் பிடிக்க வேண்டும். சொக்கற் வருகிற இடத்தில் மணலைக் கொஞ்சம் கிண்டிவிட்டால்தான் குழாயின் உடம்பு மணலில் படியும், இல்லாவிட்டால் சொக்கற் மட்டும் மணலில் குந்தி நிற்கும், குழாய் அந்தரத்தில் தொங்கும்.

இனி மறுபக்கம். "அப்படியென்றால் நல்லாச் சரிச்சுவிடுவம், வேகமாப் போகட்டும்" என்று தோன்றுவது இயல்பு. இதற்கு எதிராக ஊரில் சொல்லப்படுகிற காரணம், தண்ணீர் முந்தி ஓடிவிடும், மலம் பின்தங்கிவிடும் என்பது. இதில் பாதி உண்மை இருக்கிறது. மேலே சொன்ன அதே ஓட்டத்தை 10க்கு 1 வாட்டத்தில் விட்டால் ஆழம் 26 மில்லிமீற்றரிலிருந்து ஏறத்தாழ 15க்கு வந்துவிடும், மிதந்து போவதற்கு அந்த ஆழம் காணாது. ஆனால் வேகம் இரண்டு மடங்காகிவிடுகிறதே, அது பின்னாலிருந்து தள்ளவும் செய்யும். ஆகவே நாலு அங்குலக் குழாய் முழு நீளத்துக்கும் ஒரே சீராக 20க்கு 1 சரிந்திருக்கிறது என்பதற்காக மட்டும் அடைக்கும் என்று நான் நம்பவில்லை, அப்படிக் கிடக்கிற குழாயைக் கிளறவும் சொல்ல மாட்டேன். கடதாசிக் கட்டு, பஞ்சு, துணித்துண்டு மாதிரி ஒட்டிக்கொள்கிற சாமான் போட்டால் மெல்லிய தண்ணீரில் அது முதலில் நிற்கும், அவ்வளவுதான்.

செங்குத்தான வாட்டத்தின் உண்மையான கேடு, அது எங்கே முடிகிறது என்பதில் இருக்கிறது. 12 மீற்றர் குழாயை 20க்கு 1 சரித்தால் 600 மில்லிமீற்றர், இரண்டு அடி இறங்கும். 60க்கு 1 என்றால் 200 மில்லிமீற்றர்தான். இந்த 400 மில்லிமீற்றர் வித்தியாசம் அப்படியே தாங்கிக்குப் போகிறது. குழாய் உள்ளே வருகிற வாயைவிடத் தாங்கியின் தண்ணீர் மட்டம் தாழ்ந்திருக்க வேண்டும், வெளியே போகிற வாய் அந்த மட்டத்தில்தான் இருக்கும், அங்கிருந்து போகிற உறிஞ்சு குழி அதற்கும் கீழே. குழாயை வீணாகச் சரித்த ஒவ்வோர் அங்குலத்துக்கும் உறிஞ்சு குழி ஓர் அங்குலம் ஆழமாகப் போகிறது, நிலத்தடித் தண்ணீருக்குக் கிட்டப் போகிறது. எங்கள் குடாநாட்டில் குடிக்கிற தண்ணீர் பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கியிருக்கிற மழைத் தண்ணீர், கல்லில் வெடிப்பும் பொந்தும் நிறைய, மேலே விட்ட கழிவு நீர் மண்ணில் வடிபடாமலே கிணற்றுப் பக்கம் போக வழி இருக்கிறது. யாழ்ப்பாணக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதற்குத் தோட்டத்துப் பசளையோடு மலக்குழிகளும் காரணம் என்பது பல காலமாகப் பேசப்படுகிற விஷயம். கார்த்திகை மார்கழியில் கிணற்றில் தண்ணீர் மட்டம் ஏறும்போது ஆழமான உறிஞ்சு குழிக்குள்ளும் அது ஏறிவிடும், அப்போது குழி உறிஞ்சாது, தாங்கி நிரம்பும், கொமட் இறங்காது. அடைப்பு என்று நினைத்துக் கம்பி விடுவார்கள், கம்பியில் ஒன்றும் தட்டுப்படாது. இங்கே வாட்டத்தை அளவோடு வைப்பது, கிணற்றுத் தண்ணீரைக் காப்பாற்றுகிற வேலையும்தான்.

செங்குத்தின் இன்னொரு கேடு, அது தட்டையான குழாயைச் சந்திக்கிற இடம். இதை ஒரு வீட்டை வைத்துச் சொன்னால் விளங்கும். கொக்குவில் பக்கம் ஒரு வீடு, கொமட்டிலிருந்து தாங்கிவரை 12 மீற்றர். அடிக்கடி அடைக்கிறது என்று அவர்கள் கூப்பிட்டுக் காட்டினார்கள், வாட்டம் சரி என்று மேசன் அடித்துச் சொல்லியிருந்தார். தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் அளந்தால் அவர் சொன்னதும் சரிதான், மொத்தம் 220 மில்லிமீற்றர் இறக்கம், கணக்குப் பார்த்தால் 55க்கு 1, இதைவிட நல்ல அளவு கிடையாது. மண்ணை எடுத்து இடையிடையே அளந்தபோதுதான் கதை வெளியே வந்தது. வீட்டுப் பக்கத்து முதல் 4 மீற்றரிலேயே 200 மில்லிமீற்றர் இறங்கிவிட்டது, அது 20க்கு 1. அதற்குப் பிறகு கல் வந்திருக்கிறது, உடைக்க மனமில்லாமல் கல்லின் மேலாலேயே குழாயைக் கொண்டுபோயிருக்கிறார்கள், மீதி 8 மீற்றரில் இறக்கம் வெறும் 20 மில்லிமீற்றர், 400க்கு 1.

குழாய்க்குள் என்ன நடந்தது என்றால், முதல் துண்டில் தண்ணீர் செக்கனுக்கு ஏறத்தாழ 1.1 மீற்றர் வேகத்தில் மெல்லிய படையாக ஓடிவருகிறது. 4 மீற்றரில் தட்டையான துண்டு தொடங்கியதும் வேகம் 0.4 அளவுக்கு விழுகிறது. வேகமாக வந்த தண்ணீர் அங்கே குவிந்து எழும்பி நிற்கும், கொண்டுவந்த மலமும் கடதாசியும் அந்த இடத்தைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்துக்குள் இறங்கிவிடும். உண்மையில் அடைப்பு இருந்ததும் ஐந்தாவது மீற்றரை ஒட்டித்தான், தாங்கிப் பக்கம் குழாய் கிட்டத்தட்டச் சுத்தமாக இருந்தது.

இதில் நல்ல செய்தி ஒன்று உண்டு. திருத்துவதற்குக் கல் உடைக்கத் தேவை வரவில்லை. இரண்டு முனையும் இருந்த இடத்திலேயே இருக்க, நடுக் குழாயை மேலே தூக்கினாலே போதும். சீரான 55க்கு 1 வாட்டத்தில் 4 மீற்றரில் இறக்கம் 73 மில்லிமீற்றராக இருக்க வேண்டும், இருந்தது 200, ஆக அங்கே குழாயை 127 மில்லிமீற்றர் உயர்த்த வேண்டும். 8 மீற்றரில் 147 இருக்க வேண்டும், இருந்தது 210, அங்கே 63 உயர்த்த வேண்டும். அடியில் மணல் போட்டு இறுக்கி, நூல் பிடித்து, குழாயைத் திரும்பப் பதித்தார்கள். குழாய் நிலத்துக்குக் கிட்ட வந்ததால் வாகனம் ஏறுகிற ஓர் இடத்தில் மட்டும் மேலே கொங்கிறீற் பலகை போட வேண்டியிருந்தது. கல்லைக் கண்டதும் மிச்சத்தைத் தட்டையாக விடாமல், வீட்டுப் பக்கம் ஏற்கெனவே போட்ட குழாயை உயர்த்திச் சரிசெய்யலாம் என்று அன்றைக்கே யோசித்திருந்தால் இந்தச் செலவு வந்திராது.

எங்கள் வீடுகளில் உயரத்துக்கும் பஞ்சமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அத்திவாரம் நிலத்திலிருந்து இரண்டு மூன்று அடி உயர்த்தித்தான் கட்டுகிறோம், கொமட்டின் வாய் அவ்வளவு மேலே இருக்கிறது. அந்த உயரத்தைச் சரிவாக வைத்து வீணாக்க வேண்டாம். சுவரோடு நேர் கீழே இறக்கி, அடியில் 90 பாகை பெண்ட் ஒன்றுக்குப் பதிலாக 45 பாகை பெண்ட் இரண்டு போட்டுத் திருப்பி, அதற்குப் பிறகு அளவான வாட்டத்தில் கொண்டுபோகலாம். நேரே கீழே விழுகிற குழாயில் ஒன்றும் தங்காது. குழாயைக் கல்லுக்கு மேலாலே கொண்டுபோக வேண்டுமானால் எவ்வளவு இறக்கினால் போதுமோ அவ்வளவு மட்டும் இறக்குங்கள், மிச்ச உயரம் தாங்கிப் பக்கம் மிச்சமாகவே இருக்கட்டும்.

கை கழுவுகிற பேசினிலிருந்து வருகிற ஒன்றரை அங்குலக் கழிவுக் குழாயில் கதை வேறு. அங்கே மலம் இல்லை, ஆகவே அடைப்பு சிக்கல் குறைவு, ஆனால் செங்குத்து நேரடியாகவே கெடுக்கும். பேசினுக்குக் கீழே யூ வளைவில் தண்ணீர் நிற்கிறதே, அதுதான் குழாய் நாற்றம் வீட்டுக்குள் வராமல் தடுப்பது. குழாய் அளவுக்கு மீறிச் சரிந்தால் பேசின் நிறையத் தண்ணீரைத் திறந்துவிடும்போது அது குழாயை முழுக்க நிரப்பி ஒரே கட்டியாகக் கீழே ஓடும், ஓடும்போது யூ வளைவில் நிற்க வேண்டிய தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போய்விடும். கடைசியில் கொடகொட என்று சத்தம் வரும், பிறகு கொஞ்ச நேரத்தில் நாற்றம் வரும். சந்தேகமென்றால் பேசினை நிரப்பித் திறந்துவிட்டு, எல்லாம் வடிந்த பிறகு யூ வளைவைக் கழற்றி உள்ளே மீதி இருக்கிற தண்ணீரைப் பாருங்கள், வளைவை அடைத்து நிற்கிற ஆழம் 25 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் அது போதாது. ஒன்றரை அங்குலக் குழாய்க்கு மூன்று மீற்றர் நீளத்துக்குள், மீற்றருக்கு 18 முதல் 44 மில்லிமீற்றர் வரை இறக்கலாம் என்பது பிரித்தானிய அளவு. அமெரிக்கர்கள் இதையே வேறு விதமாகச் சொல்வார்கள்: வளைவிலிருந்து காற்றுக் குழாய் சேருகிற இடம்வரை மொத்த இறக்கம் குழாயின் சொந்த விட்டத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் காற்று உள்ளே வருகிற வழி தண்ணீரால் மறைபட்டுவிடும். இந்த விதி சின்னக் குழாய்களுக்காகச் சொல்லப்படுவது, இதைக் கேட்டுவிட்டுத்தான் பலர் கொமட் குழாயையும் பயந்து தட்டையாகப் போடுகிறார்கள்.

அளக்கிற முறையைச் சொல்லி முடிக்கிறேன். 4 அடி ஸ்பிரிட் லெவல் எடுத்து, அதன் ஒரு முனையின் அடியில் சரியாக 1 அங்குலத் தடிப்புள்ள மரத்துண்டை ரேப்பால் ஒட்டுங்கள். மரத்துண்டு ஒட்டின முனை தாங்கிப் பக்கம் பார்க்க லெவலைக் குழாயின் மேல் வையுங்கள், குமிழி நடுவில் நின்றால் அந்த இடத்தில் வாட்டம் 48க்கு 1, அடிக்குக் கால் அங்குலம். லெவல் 2 அடி என்றால் மரத்துண்டு அரை அங்குலம். குமிழி தாங்கிப் பக்கம் போனால் குழாய் அங்கே தட்டையாகக் கிடக்கிறது, வீட்டுப் பக்கம் போனால் செங்குத்தாகக் கிடக்கிறது. சொக்கற்றின் மேல் வைத்துப் பார்க்க வேண்டாம், குழாயின் உடம்பில் வைத்துப் பாருங்கள், ஒவ்வொரு பொருத்துக்கு முன்னும் பின்னும். நீளமான குழாய்க்கு இரண்டு முனை உயரத்தையும் தண்ணீர் நிரப்பிய ரியூப்பால் குறித்து நூல் கட்டுவது இன்னும் நம்பிக்கையானது. ஆனால் நூல் நடுவில் தொய்யும், 12 மீற்றருக்கு நடுவே இரண்டு இடத்திலாவது முளை அடித்துத் தாங்கிக் கட்டுங்கள்.

மண் மூடுவதற்கு முன், மேல் முனையில் ஒரு வாளி தண்ணீரைச் சட்டென்று ஊற்றிப் பாருங்கள். தாங்கிப் பக்கம் தண்ணீர் வந்து, ஓட்டம் நின்ற பிறகு, குழாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்த்தால் தேங்கின இடம் பளபளவென்று தெரியும், ஈரம் மட்டும் இருந்தால் நல்லது. திருப்பம் வருகிற இடத்திலும், நீளமான குழாய் என்றால் நடுவிலும், மூடி திறந்து பார்க்கக்கூடிய ஒரு சேம்பர் கட்டிவிடுங்கள். சேம்பரின் அடித்தளம் சமதளமாக இருக்கக் கூடாது, குழாயின் பாதி வடிவில் சீமெந்தால் வாய்க்கால் வெட்டி, உள்ளே வருகிற குழாயிலிருந்து வெளியே போகிற குழாய்வரை அதே வாட்டத்தைத் தொடர்ந்து கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் அடைப்பைப் பார்ப்பதற்குக் கட்டின சேம்பரிலேயே அடைப்பு தொடங்கும்.